ரேட்டிங் வந்த பிறகு ஓடி வராதீர்கள்

அப்ரைசல் கடிதம் போன மறுநாளே ஆரம்பித்துவிடும். "மேனேஜர் தனக்கு வேண்டப்பட்டவருக்கே டாப் ரேட்டிங் கொடுத்துவிட்டார்" என்று ஒருவர் மாற்றி ஒருவர் எங்கள் எச்.ஆர். அறைக்கு வருவார்கள். இந்த வருடமும் அதேதான். அவர்கள் சொல்வது பெரும்பாலும் உண்மை. ஆனாலும் அந்த நேரத்தில் என்னால் செய்ய முடிவது மிகக் குறைவு. ஏனென்றால் பாரபட்சம் ரேட்டிங்கில் நடப்பதில்லை, வேலையைப் பிரித்துக் கொடுக்கும்போதே நடந்து முடிந்துவிடுகிறது.

சமீபத்தில் வந்த ஒன்றைச் சொல்கிறேன், ஆள் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எட்டுப் பேர் கொண்ட சப்போர்ட் டீம். இரவு ஷிஃப்டும் வார இறுதியும் ஏழு பேருக்குத்தான் சுற்றி வரும். எட்டாமவர் மேனேஜரின் செல்லப்பிள்ளை, எப்போதும் பகல் ஷிஃப்ட். இரவு 2 மணிக்கு சர்வரில் ஓடும் ஒரு ஜாப் நின்றுபோனால் ஷிஃப்டில் இருப்பவர் உட்கார்ந்து சரிசெய்வார், காரணத்தை எழுதி மெயில் போட்டுவிட்டுத் தூங்கப் போவார். காலையில் கிளையண்டோடு பேசும் போன் காலில் அந்த மெயிலைப் படித்துக் காட்டுவது செல்லப்பிள்ளை. கிளையண்ட் நன்றி சொல்லி மெயில் அனுப்புவதும் அவருக்கே.

வருடக் கடைசியில் 'கிளையண்ட் பாராட்டு' என்ற கட்டத்தில் அவருக்கு நாலு மெயில் இருக்கிறது, இரவில் விழித்தவருக்கு ஒன்றும் இல்லை. டாப் ரேட்டிங்கோ டீமுக்கு ஒன்றுதான். நான் எந்தக் காகிதத்தைப் புரட்டினாலும் மேனேஜர் செய்தது சரியாகத்தான் தெரியும்.

இதைச் சொன்னால் மேலே இருப்பவர்கள் உடனே சொல்வது, "எல்லாம் பொறாமை." இந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பொறாமை என்றால் அடுத்தவனுக்குக் கிடைத்தது கிடைக்கக் கூடாது என்று நினைப்பது. இங்கே வருபவர்கள் யாரும் அப்படிக் கேட்பதில்லை. "நானும் ஒரு நாள் அந்தக் காலில் பேசலாமா, எனக்கும் ஒரு மாதம் பகல் ஷிஃப்ட் கிடைக்குமா" என்றுதான் கேட்கிறார்கள். பொறாமைப்படுபவர் சத்தம் போடுவார். இவர்கள் சத்தமே போடாமல் போய்விடுகிறார்கள், ஆபத்து அங்கேதான். நாம் போட்ட உழைப்புக்கும் வந்த பலனுக்கும் உள்ள கணக்கைப் பக்கத்து நாற்காலிக்காரரின் கணக்கோடு ஒப்பிட்டுத்தான் மனிதர்கள் நியாயத்தை அளக்கிறார்கள் என்று உளவியலாளர் ஸ்டேசி ஆடம்ஸ் 1960களிலேயே எழுதிவிட்டார். கணக்கு இடித்தால், கையில் இருக்கும் சுலபமான வழி உழைப்பைக் குறைப்பது.

அந்த டீமில் நடந்ததும் அதுதான். ஒரு சர்வரில் டிஸ்க் நிரம்பிக்கொண்டு வருவது இரவு ஷிஃப்டில் இருந்தவருக்குத் தெரிந்திருந்தது. முன்பெல்லாம் மீட்டிங்கில் முதல் ஆளாகச் சொல்பவர். இந்த முறை சொல்லவில்லை. சொன்னால் அதையும் வேறொருவர் கிளையண்டிடம் தன் யோசனையாகச் சொல்வார் என்ற கசப்பு. மாதக் கடைசியில் சர்வர் நின்றது. இரண்டு மாதம் கழித்து அவரும் ராஜினாமா செய்தார். காரணம் கேட்டதற்கு "சொந்தக் காரணம்" என்று எழுதினார். ரிலீவிங் லெட்டர் கைக்கு வரும்வரை யாரும் உண்மையை எழுத மாட்டார்கள். அந்தப் படிவத்தை நம்பி "எங்கள் டீமில் பிரச்சினையே இல்லை" என்று சொல்லும் மேனேஜர்களை என்ன சொல்வது?

சரி, என்ன செய்யலாம்? வருட ஆரம்பத்தில் இலக்கு எழுதும்போதே கேளுங்கள். "மாதம் ஒரு கிளையண்ட் கால் நான் எடுக்கிறேன்" என்று மெயிலில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் அது கேட்டதாகவே ஆகாது. மறுத்தால் மறுப்பும் மெயிலில் இருக்கும். பதிலே வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து அதே மெயிலின் கீழேயே இன்னொரு முறை கேளுங்கள். யாருக்கு எந்த ஷிஃப்ட் என்று காட்டும் ரோஸ்டரை மாதாமாதம் எடுத்து வையுங்கள்.

புகார் கொடுப்பதானால் "அவருக்கு இவரைப் பிடிக்கும்" என்று எழுதாதீர்கள், அதை யாராலும் விசாரிக்க முடியாது. "ஆறு மாத ரோஸ்டரில் ஒருவருக்கு மட்டும் இரவு ஷிஃப்ட் இல்லை" என்று எழுதினால் மேனேஜர் பதில் சொல்லியே ஆக வேண்டும். நான்கு பேர் சேர்ந்து கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. தயவுசெய்து அந்தச் செல்லப்பிள்ளையோடு சண்டைக்குப் போகாதீர்கள். ரோஸ்டர் போட்டது அவர் இல்லை.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். மேனேஜர் ஒரு பெண்ணைப் பாலியல் நோக்கத்தோடு நெருங்கி, சலுகை தருவதாக ஆசை காட்டினாலோ, மறுத்தால் வேலையில் கெடுதல் செய்வதாக மிரட்டினாலோ அது வெறும் பாரபட்சம் அல்ல. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வரும். அதற்கு எச்.ஆரிடம் வந்து நிற்க வேண்டாம், நேராக உள்ளகப் புகார்க் குழுவுக்கு எழுத்தில் கொடுங்கள். நடந்த நாளிலிருந்து 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம். அப்ரைசல் முடியட்டும் என்று காத்திருந்தால் அந்தக் கெடு போய்விடும்.