சிறுநீர் தாராளமாகப் போகிறது, கிரியேட்டினினும் சரி. பிறகு ஏன் இந்தத் தாகம்?

தொடை எலும்பு முறிந்து, அறுவைச் சிகிச்சைக்காக வெறும் வயிற்றில் வைக்கப்பட்டிருந்த ஓர் அம்மாவைப் பார்க்க ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டார்கள். இரவு முழுக்க அவர் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நரம்பு வழியாக 2 லிட்டர் நார்மல் சலைன் ஏறியிருந்தது. 12 மணி நேரத்தில் போன சிறுநீர் 4 லிட்டர். "கிட்னி நல்லா வேலை செய்யுது சார், கிரியேட்டினின் 0.9தான்" என்றார் பணியில் இருந்த இளம் மருத்துவர். அந்த அம்மாவோ நாக்கு வறண்டு, தண்ணீர் தண்ணீர் என்று முனகிக்கொண்டிருந்தார். முந்தைய நாள் 142 இருந்த சோடியம் 153 ஆகியிருந்தது.

உடலியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கிரியேட்டினின் சொல்வது வடிகட்டுதலைப் பற்றி மட்டும்தான். சிறுநீரகத்தின் வடிகட்டிகளான குளோமெருலஸ்கள் நிமிடத்துக்குச் சுமார் 125 மில்லி, நாளுக்கு 180 லிட்டர் வடிக்கின்றன. அந்த அம்மாவுக்கு அதில் குறையே இல்லை. வடித்த தண்ணீரைத் திரும்ப எடுப்பது வேறு வேலை. அது கெட்டுப்போனால் கிரியேட்டினின் காட்டிக்கொடுக்காது.

வடிந்ததில் மூன்றில் இரண்டு பங்கை முதல் குழலே உப்பும் தண்ணீருமாகச் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. அதனால் அங்கே செறிவு மாறுவதில்லை. 300 மில்லிஆஸ்மோல் அளவிலேயே நிற்கிறது. செறிவாக்கும் வித்தை அடுத்து வரும் ஹென்லே வளைவில்தான் தொடங்குகிறது. அதன் தடித்த ஏறு பகுதி உப்பை வெளியே தள்ளும். தண்ணீரைக் கூடவே போக விடாது. வெளியே தள்ளிய உப்பும், யூரியாவும் சேர்ந்து சிறுநீரகத்தின் உட்பகுதியான மெடுல்லாவின் அடி ஆழத்தை 1200 வரை செறிவாக்குகின்றன. உள்ளே மிஞ்சும் திரவமோ 100 வரை நீர்த்துப்போகிறது. மாணவர்கள் பலர் தடுமாறுவது இங்கேதான்: சிறுநீரைச் செறிவாக்கும் வளைவு, தன்னுள் ஓடும் திரவத்தை நீர்க்கச் செய்துதான் அனுப்புகிறது.

கடைசித் தீர்ப்பு சேகரிப்புக் குழலில். தண்ணீரைத் தக்கவைக்க மூளை சுரக்கும் ஹார்மோனான ஏடிஹெச் வந்து குழல் செல்லின் வி2 ஏற்பியில் ஒட்டினால், செல்லுக்குள் காத்திருக்கும் அக்வாபோரின்-2 வாய்க்கால்கள் குழலின் உட்பக்கச் சவ்வுக்கு வந்து பதியும். தண்ணீர் அவற்றின் வழியே செறிவான மெடுல்லாவுக்குள் இழுக்கப்படும். வாய்க்கால் பதியவில்லையென்றால், சுற்றிலும் எவ்வளவு உப்பு இருந்தாலும் தண்ணீர் நேரே வெளியே போய்விடும்.

சோடியம் 153 என்றால் இரத்தத்தின் ஆஸ்மோலாலிட்டி, அதாவது கரைபொருள் செறிவு, ஏறக்குறைய 315. அந்த நிலையில் சிறுநீர் 800-க்கு மேல் இருக்க வேண்டும். அவருடையது 150. ஏடிஹெச் போலவே வேலை செய்யும் டெஸ்மோபிரஸின் ஊசி போட்டுப் பார்த்தோம். 158-க்கு மேல் ஏறவில்லை. மூளை ஏடிஹெச்சைச் சுரக்காததுதான் காரணம் என்றால் அந்த ஊசிக்கே சிறுநீர் நன்றாகச் செறிந்திருக்கும். அது நடக்கவில்லை, ஆகவே கோளாறு குழலிலேயே.

வீட்டார் கொண்டுவந்த மாத்திரைப் பையில் விடை இருந்தது: 15 ஆண்டுகளாக மனநலச் சிகிச்சைக்கான லித்தியம். அது சோடியம் போகும் வாய்க்கால் வழியாகவே சேகரிப்புக் குழலின் செல்லுக்குள் நுழைந்து, அக்வாபோரின்-2 உருவாவதையே குறைத்துவிடும். தினமும் படுக்கையருகே இரண்டு பெரிய பாட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு தூங்குவாராம், இரவில் நான்கு முறை எழுவாராம். குடித்துக்குடித்தே ஈடுகட்டி வந்தவரை நாம் குடிக்கவிடாமல் வைத்துவிட்டோம்.

சலைன் ஏன் கைகொடுக்கவில்லை? ஒரு லிட்டர் சலைனில் கரைந்திருப்பது 308 மில்லிஆஸ்மோல். 150-க்கு மேல் செறிவாக்கத் தெரியாத சிறுநீரகத்துக்கு அதை வெளியேற்ற 2 லிட்டர் சிறுநீர் வேண்டும். கணக்கு அச்சாகப் பொருந்துகிறது: உள்ளே போனது 2 லிட்டரில் 616, வெளியே வந்தது 4 லிட்டரில் 600. ஏற்றிய கரைபொருள் ஏறக்குறைய முழுதும் வெளியேறிவிட்டது. கூடவே உடம்பின் வெறும் தண்ணீர் 2 லிட்டர் போய்விட்டது.

சலைனை நிறுத்தி 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கொடுத்தோம், வாய்வழியாகவும் குடிக்க விட்டோம். ஒரு நாளில் 10-க்கு மேல் சோடியம் இறங்காதபடி சில மணி நேரத்துக்கு ஒருமுறை பரிசோதித்தோம். வேகமாக இறக்கினால் மூளை வீங்கும் அபாயம் உண்டு. மூன்றாம் நாள் 144. அறுவைக்கு 2 மணி நேரம் முன்புவரை தண்ணீர் குடிக்கலாம் என்று மயக்க மருந்து நிபுணர் ஒப்புக்கொண்டார். லித்தியத்தை நாங்களாக நிறுத்தவில்லை. மனநல மருத்துவரிடம் பேசி, அளவைப் பார்த்து முடிவெடுத்தோம். நெடுநாள் எடுத்தவர்களுக்கு மாத்திரையை நிறுத்தினாலும் இந்தக் குறை முழுதாகச் சரியாகாமல் போகலாம்.

லித்தியம் சாப்பிடுகிற யாரைப் பட்டினி வைக்கும்முன்னும் நான் இப்போது கேட்கும் முதல் கேள்வி, இரவில் எத்தனை முறை எழுந்து தண்ணீர் குடிக்கிறீர்கள் என்பது.