எட்டுச் சதவீதம் என்றால் எதில் எட்டு?

என் பெறாமகளுக்கு யாழ்ப்பாணம் ஸ்ரான்லி வீதியில் ஒரு கம்பனியில் வேலை கிடைத்தது. நியமனக் கடிதத்தில் மாதம் 65,000 ரூபா என்று இருந்தது. முதற் சம்பளம் வங்கியில் விழுந்த அன்று பின்னேரம், சம்பளச் சீட்டையும் கொண்டு என் வீட்டுப் படலையைத் திறந்தாள்.

"சித்தி, முதல் மாதமே பதினோராயிரத்துக்கு மேலை வெட்டிப்போட்டாங்கள்."

வாங்கிப் பார்த்தேன். சீட்டின் கீழ்ப்பகுதியில் மூன்று தொகைகள் இருந்தன: 3,944, 5,916, 1,479. அவள் மூன்றையும் கூட்டி 11,339 என்று பேனையால் எழுதி வட்டம் போட்டிருந்தாள். இருபது வருடமாகச் சம்பளக் கணக்கு எழுதுகிறேன். முதற் சீட்டோடு வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் இதே வட்டத்தைத்தான் போடுகிறார்கள். அந்த மூன்றில் அவள் சம்பளத்திலிருந்து போனது 3,944 மட்டும். மற்ற இரண்டும் கம்பனி தன் காசிலிருந்து அவள் பெயரில் கட்டுகிறது. கட்டினோம் என்று காட்டுவதற்காகச் சீட்டில் அச்சடிக்கிறார்கள். ஆனால் கழிவுகளுக்குப் பக்கத்திலேயே அச்சடித்தால் பார்ப்பவருக்கு எல்லாம் கழிவாகத்தானே தெரியும்?

அவளுடைய வேலைத்தளத்தில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக, கைபேசியில் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்க்கிற மாதிரி மூன்று அட்டைகள் செய்யப் போவதாகச் சொன்னாள். முதலாவதில் மொத்தச் சம்பளம், இரண்டாவதில் கழிவு, மூன்றாவதில் கைக்கு வரும் காசு. நல்ல யோசனைதான். ஆனால் எழுத உட்கார்ந்தபோது முதல் அட்டையிலேயே சிக்கிக்கொண்டோம்.

கடிதத்தில் ஒரே தொகையாக இருந்த 65,000 சீட்டில் நாலு துண்டாக இருந்தது. அடிப்படைச் சம்பளம் 42,000, வாழ்க்கைச் செலவுப் படி 9,000, போக்குவரத்துப் படி 8,000, வருகை ஊக்கத்தொகை 6,000. கூட்டினால் 65,000 சரியாக வரும். ஆனால் அந்த மாதம் அவளுடைய மொத்தச் சம்பளம் 60,450 என்று போட்டிருந்தது. கழிவு தொடங்குவதற்கு முன்பே தொகை குறைந்துவிட்டது.

காரணம் ஒரு நாள் லீவு. கோயில் திருவிழாவுக்கு நின்றிருக்கிறாள். புதிய ஆள், சம்பளத்தோடு எடுக்கக்கூடிய லீவு இன்னும் சேரவில்லை. ஆகவே சம்பளமில்லா விடுமுறை. அடிப்படையையும் வாழ்க்கைச் செலவுப் படியையும் கூட்டி 51,000. அதை 30 நாளால் வகுத்தால் 1,700. அது போகட்டும். அடி விழுந்தது வேறு இடத்தில். ஊக்கத்தொகை மாதம் முழுக்க வந்தவர்களுக்குத்தான் என்று கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஒரு நாள் தவறியதும் 6,000 மொத்தமாகப் போய்விட்டது. ஆக அந்த ஒரு நாளின் விலை 7,700 ரூபா.

பதிலுக்கு 12 மணித்தியாலம் ஓவர்டைம் செய்திருந்தாள். அந்தக் கம்பனியில் அடிப்படைச் சம்பளத்தை 240 ஆல் வகுத்து ஒரு மணித்தியாலத்துக்கு 175 என்று எடுக்கிறார்கள். 240 என்பது 30 நாள், நாளுக்கு 8 மணித்தியாலம். ஓவர்டைமுக்கு அதன் ஒன்றரை மடங்கு, 262.50. பன்னிரண்டு மணித்தியாலத்துக்கு 3,150. இப்போது 65,000இலிருந்து 7,700 போய், 3,150 கூடி, 60,450. மொத்தச் சம்பளம் என்பது நியமனக் கடிதத்தில் உள்ள தொகை அல்ல, அந்த மாதம் உண்மையில் உழைத்த தொகை என்பது அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

இனி அந்த 3,944. இதுதான் ஊழியர் சேமலாப நிதிக்கான அவளுடைய பங்கு, எல்லாரும் ஈ.பி.எஃப் என்பார்கள். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. ஊழியரிடமிருந்து 8 சதவீதம், முதலாளியிடமிருந்து 12 சதவீதம். அவள் கைபேசியை எடுத்து 60,450இன் 8 சதவீதத்தைப் பார்த்தாள். 4,836 வந்தது. "குறைச்சுத்தானே வெட்டியிருக்கினம்" என்று சந்தோஷப்பட்டாள். சந்தோஷப்படுகிற விஷயமா என்று பிறகு பார்ப்போம்.

8 சதவீதம் மொத்தச் சம்பளத்தில் எடுக்கப்படுவதில்லை. அடிப்படைச் சம்பளம், வாழ்க்கைச் செலவுப் படி, அதைப் போன்ற படிகள், விடுமுறை நாட் சம்பளம், சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பெறுமதி, தரகுப் பணம் போன்றவற்றை நிதிக்குரிய சம்பளமாகச் சட்டம் கொள்கிறது. ஓவர்டைம் அதற்குள் வராது. அவளுடைய சீட்டில் 51,000இலிருந்து விடுமுறைக்கான 1,700 போக 49,300. அதன் 8 சதவீதம் 3,944. அதே 49,300இல் கம்பனியின் 12 சதவீதம் 5,916. மூன்றாவது தொகையான 1,479, ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனி கட்டும் 3 சதவீதம். அது 1980ஆம் ஆண்டின் சட்டம், ஊழியரிடமிருந்து ஒரு சதம்கூட எடுக்கக்கூடாது.

இப்போது அந்தச் சந்தோஷத்துக்கு வருவோம். நிதிக்குரிய சம்பளம் சின்னதாக இருந்தால் கழிவு குறையும், கைக்குக் கொஞ்சம் கூட வரும். ஆனால் அதே தொகையில்தான் முதலாளியின் 12ஐயும் 3ஐயும் கணக்கிடுகிறார்கள். நிதிக்குரிய சம்பளம் 10,000 ரூபா குறைந்தால் உங்கள் கைக்கு 800 கூடும். உங்கள் பெயரில் முதலாளி போடவேண்டிய 1,500 இல்லாமற் போகும், உங்கள் 800உம் சேமிப்பில் சேராது. இதனால்தான் சில இடங்களில் அடிப்படைச் சம்பளத்தைச் சின்னதாக வைத்துக்கொண்டு மிச்சத்தை விதம்விதமான பெயரில் படிகளாகப் பிரிக்கிறார்கள். பெயரை மாற்றினால் தன்மை மாறாது. பயணத்துக்குச் செலவழித்த காசை ரிக்கற்றைப் பார்த்துத் திருப்பிக் கொடுப்பது வேறு. எல்லாருக்கும் மாதாமாதம் ஒரே தொகையைக் கொடுத்துவிட்டு அதற்குப் 'போக்குவரத்து' என்று பெயர் வைப்பது வேறு. இரண்டாவது வகையைப் பற்றி முதலாளியிடம் கேள்வி கேட்க இடமிருக்கிறது. என் பெறாமகளின் 8,000 இதில் எந்த வகை என்று கேட்டேன். ரிக்கற் ஒன்றும் கொடுப்பதில்லையாம்.

இதைச் சோதிக்க ஒரு சின்ன வழி உண்டு. சீட்டில் உங்களிடம் ஈ.பி.எஃப்புக்கு வெட்டிய தொகையை 8 ஆல் வகுத்து 100 ஆல் பெருக்குங்கள். 3,944க்கு 49,300 வரும். அதுதான் கம்பனி உங்கள் சம்பளமாக நிதிக்குச் சொல்லும் தொகை. அது உங்கள் அடிப்படைச் சம்பளத்தையும் வாழ்க்கைச் செலவுப் படியையும் விடக் குறைவாக இருந்து, அந்த மாதம் சம்பளமில்லா விடுமுறையும் இல்லையென்றால் காரணம் கேட்கலாம். மாறாக, வெட்டிய தொகை நிதிக்குரிய சம்பளத்தின் 20 சதவீதமாக இருந்தால் முதலாளியின் பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள். "எல்லாம் சேர்த்துத்தான் சம்பளம் பேசினது" என்ற விளக்கம் சட்டத்தின் முன் நிற்காது.

வெட்டுவது ஒன்று, கட்டுவது இன்னொன்று. நான் முதலில் வேலை செய்த இடத்தில் பதினான்கு மாதம் சீட்டில் 8 சதவீதம் ஒழுங்காகக் கழிந்தது. வேலையை விட்டு விசாரித்தபோது நிதியில் ஐந்து மாதக் காசுதான் இருந்தது. சீட்டு அழகாக இருந்தபடியால் நான் ஒருநாளும் சந்தேகப்படவில்லை. ஒரு மாதத்துக்குரிய பணத்தை முதலாளி அடுத்த மாத முடிவுக்குள் கட்டவேண்டும். பிந்தினால் தண்டம் 5 சதவீதத்தில் தொடங்கி, ஒரு வருடத்தைத் தாண்டினால் 50 சதவீதம் வரை போகும். உறுப்பினர் இலக்கத்தை முதல் மாதமே கேட்டு வாங்குங்கள். மத்திய வங்கி அனுப்பும் கணக்குக் கூற்றில் மாதங்களை எண்ணுங்கள். மாதம் குறைந்தால் சம்பளச் சீட்டுகளோடு தொழில் திணைக்களத்தின் அலுவலகத்துக்குப் போகலாம். அங்கே முதலில் கேட்பது அந்தச் சீட்டுகளைத்தான். என்னிடம் ஒன்பது இருந்தன, ஐந்தைத் தொலைத்துவிட்டேன்.

வருமான வரி அவளுக்கு இல்லை. 2025 ஏப்ரலிலிருந்து மாதம் 150,000 ரூபா வரை வரி கிடையாது. ஆனால் அவளுடைய தமையனுக்கு 200,000 வருகிறது, அவனுக்கு ஒரு பயம்: எல்லையைத் தாண்டியதும் முழுச் சம்பளத்துக்கும் வரி போடுவார்களோ என்று. இல்லை. தாண்டிய 50,000க்கு மட்டும் 6 சதவீதம், 3,000 ரூபா. இங்கே கவனிக்க ஒன்று உண்டு. வரி பார்க்கும்போது ஓவர்டைமும் கணக்கில் வரும், ஈ.பி.எஃப் கழிப்பதற்கு முந்திய தொகையையே எடுப்பார்கள். ஒரே சீட்டில் இரண்டு கழிவுகள் இரண்டு வேறு தொகைகளில் கணக்கிடப்படுகின்றன. இதைத்தான் அட்டையில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் கனநேரம் யோசித்தோம். கடைசியில் நாலாவது அட்டை ஒன்று சேர்ந்தது: 'எதில் எத்தனை சதவீதம்?'

மிச்சம் சில்லறை. சம்பளப் பற்றுச்சீட்டுக்கு முத்திரைத் தீர்வை 25 ரூபா. மாத நடுவில் சைக்கிள் வாங்க எடுத்த முற்பணம் 5,000. அது கழிவே அல்ல, முன்னமே செலவழித்த சொந்தச் சம்பளம். ஆக 60,450இலிருந்து 3,944, 25, 5,000 போக 51,481. வங்கியில் விழுந்ததும் அதுவே. கம்பனிப் பக்கத்திலிருந்து பார்த்தால் அந்த மாதம் அவளுக்காகச் செலவானது 67,845 ரூபா: மொத்தச் சம்பளத்தோடு அந்த 5,916உம் 1,479உம்.

அடுத்த மாதம் லீவு எடுக்கவில்லை, ஓவர்டைமும் இல்லை, முற்பணமும் இல்லை. சீட்டு வருமுன்னே தாளில் கணக்குப் பார்த்து வைத்தாள்: 65,000இலிருந்து 51,000இன் 8 சதவீதமான 4,080உம் முத்திரைக்கு 25உம் போக 60,895. வங்கியில் 60,395 விழுந்தது. ஐந்நூறு ரூபா எங்கே என்று சீட்டைத் தேடினால், 'நலன்புரிச் சங்கம்' என்று ஒரு புது வரி.

"சேர்ந்த அண்டைக்கு நிறையக் கடதாசியிலை கையெழுத்து வாங்கினவை சித்தி. அதிலை ஒண்டாயிருக்கும்."