ஒரே சொல் இரண்டு முறை: குறுங்காணொளியில் எழுத்தும் கேப்ஷனும்

சைக்கிள் டியூபில் பஞ்சர் ஒட்டுவதைக் காட்டும் 22 விநாடிக் காணொளி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தொடங்கியதும் திரையின் குறுக்கே, ‘சைக்கிள் டியூப் பஞ்சரை வீட்டிலேயே எளிதாக ஒட்டுவது எப்படி?’ என்று பெரிய எழுத்து வருகிறது. காணொளிக்குக் கீழே கேப்ஷனைப் பார்த்தால் அங்கும் அதே வரி. இப்படித்தான் நானும் முதலில் எழுதினேன். அந்தக் காணொளிக்கு வந்த கருத்துகளில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்வி: ‘பசை தடவி எவ்வளவு நேரம் விடணும்?’ எழுத்துக்கு இரண்டு இடங்கள் இருந்தன. இரண்டிலும் தலைப்பையே வைத்துவிட்டு, தேவையான ஒரே எண்ணை விட்டிருந்தேன்.

இங்கே கேப்ஷன் என்று நான் சொல்வது பதிவுக்குக் கீழே தட்டச்சு செய்யும் குறிப்பை. பேச்சை அப்படியே எழுத்தாக ஓடவிடும் சப்டைட்டில் வேறு. காது கேளாதவர்களுக்கும், ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பவர்களுக்கும் அது பேச்சின் இடத்தில் நிற்கிறது. பேச்சைத் திருப்பிச் சொல்வதே அதன் வேலை என்பதால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

முதலில் கண்ணிலிருந்து தொடங்கலாம். விழித்திரையில் கூர்மையாகப் பார்க்கும் பகுதி மிகச் சிறியது, ஏறத்தாழ 2 பாகை அகலம். கைபேசியை முகத்திலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால், அந்த 2 பாகை திரையில் ஒரே ஒரு சென்டிமீட்டர். அதற்கு வெளியே இருப்பதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போகும். படிக்கும்போது கண் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஓரிடத்தில் ஏறத்தாழ கால் விநாடி நின்று அடுத்த இடத்துக்குத் தாவுகிறது. ஆகவே திரையின் மேற்பகுதியில் எட்டுச் சொற்களைப் படிக்கும் இரண்டு விநாடியில், கீழே கை டியூபில் என்ன செய்கிறது என்பதைப் பார்வையாளர் சரியாகப் பார்ப்பதில்லை. படம் ஓடிக்கொண்டே இருக்கிறது, கண் வேறிடத்தில் இருக்கிறது.

‘வேண்டாதவர்கள் படிக்காமல் விட்டுவிடுவார்களே’ என்று தோன்றலாம். அது அவர்கள் கையில் இல்லை. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் டிடேவாலும் அவருடைய குழுவினரும் 1991-இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் அமெரிக்கர்களுக்கு ஆங்கிலப் படத்தை ஆங்கில சப்டைட்டிலோடு காட்டி, அவர்களின் கண் அசைவைப் பதிவு செய்தார்கள். பேச்சு முழுதும் புரிந்தது. சப்டைட்டில் படித்துப் பழக்கமும் அவர்களுக்கு இல்லை. அப்படியிருந்தும் கண்கள் கீழே எழுத்துக்குப் போய்க்கொண்டே இருந்தன. படிக்கத் தெரிந்தவரின் கண்முன் எழுத்து வந்தால் அவர் படித்துவிடுவார். அதனால் திரையில் போடும் ஒவ்வொரு சொல்லும், படத்தைப் பார்க்க வேண்டிய நேரத்திலிருந்து எடுத்துக்கொண்டதுதான்.

அப்படி எடுத்துக்கொண்ட நேரத்தில் ஏற்கெனவே தெரிந்ததையே சொன்னால் என்ன ஆகும்? ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் பால் சாண்ட்லரும் ஜான் ஸ்வெல்லரும் 1991-இல் இதைச் சோதித்தார்கள். இதயம், நுரையீரல், உடல் ஆகியவற்றின் வழியே இரத்தம் ஓடும் பாதையை அம்புக்குறிகளோடு காட்டும் படத்தை ஒரு குழுவுக்குக் கொடுத்தார்கள். இன்னொரு குழுவுக்கு அதே படத்தோடு, அம்பு காட்டுவதையே சொல்லும் வாக்கியங்களும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. வெறும் படத்தைப் பார்த்தவர்களே நன்றாகக் கற்றிருந்தார்கள். இரண்டும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே கவனம் செலவாகிவிடுகிறது. ‘மிகைப்பு விளைவு’ என்று இதைச் சொல்லலாம்.

பத்து ஆண்டு கழித்து, 2001-இல், கலிபோர்னியாவில் ரிச்சர்ட் மேயரும் உடன் ஆய்ந்தவர்களும் மின்னல் எப்படி உருவாகிறது என்ற அசைபடத்தை வைத்து அதே பக்கம்தான் வந்தார்கள். குரல் சொல்வதையே திரையில் எழுத்தாகவும் போட்டபோது, பார்த்தவர்களுக்குப் புரிந்தது குறைந்தது. இந்த இடத்தோடு நின்றிருந்தால் ‘திரையில் எழுத்தே வேண்டாம்’ என்று முடித்துவிடலாம். ஆனால் 2008-இல் அதே மேயர் ஷெரில் ஜான்சனோடு சேர்ந்து தன் முடிவைத் திருத்தினார். முழு வாக்கியத்துக்குப் பதிலாக இரண்டு மூன்று சொற்களை மட்டும், படத்தில் அந்த நிகழ்வு நடக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். இப்போது நினைவில் நின்றது கூடியது. கற்றதைப் புதிய இடத்தில் பயன்படுத்தும் திறனில் கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை.

எனக்கு இந்தத் துறையில் மிகவும் பயன்பட்டது இந்த 2008 முடிவுதான். நீளமும் இடமும் மாறியதும் எழுத்தின் வேலையே மாறிவிட்டது. வாக்கியமாக இருந்தபோது அது படத்தோடு போட்டி போட்டது. இரண்டு சொல்லாகச் சுருங்கிப் படத்தின் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், எங்கே பார்க்க வேண்டும் என்று காட்டும் விரலாகிவிட்டது. மேயரின் சோதனைகள் பாடப்படங்களை வைத்து நடந்தவை, குறுங்காணொளியை வைத்து நடந்தவை அல்ல. ஆனால் கண் அதே கண்தான். கைபேசியில் நேரம் இன்னும் குறைவு.

கேப்ஷனின் இயல்பு இதற்கு நேர் எதிர். திரை எழுத்துக்குக் கெடு உண்டு: மூன்று விநாடியில் மறைந்துவிடும். கேப்ஷன் போகாது, நிறுத்தி நிதானமாகப் படிக்கலாம், திரும்பப் படிக்கலாம், நகலெடுக்கலாம், தேடலில் அகப்படும். அதேசமயம் அதைப் பெரும்பாலும் காணொளி ஓடத் தொடங்கிய பிறகுதான் பார்க்கிறார்கள். ஓரிரு வரிதான் வெளியே தெரியும். மீதியைத் தட்டித் திறக்க வேண்டும். எனவே படம் ஓடும்போதே தெரிந்தாக வேண்டியது திரைக்கு உரியது. செய்து பார்க்கப் போகிறவர் பிறகு தேடி வருவது கேப்ஷனுக்கு உரியது.

இனி பஞ்சர் காணொளியைத் திருத்தியதைச் சொல்கிறேன். அதில் ஆறு காட்சிகள். காற்றடைத்த டியூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வரும் இடத்தைக் கண்டுபிடிப்பது, அந்த இடத்தைத் துடைத்து உப்புத்தாளால் தேய்ப்பது, சொல்யூஷன் தடவுவது, காயவிடுவது, பேட்சை வைத்து அழுத்துவது, கடைசியில் காற்றடிப்பது. ஒவ்வொரு காட்சியையும் ஒலியில்லாமல் ஓடவிட்டு, ‘இதில் படம் சொல்லாதது எது?’ என்று கேட்டுக்கொண்டேன். குமிழி தானே தெரிகிறது, எழுத்து வேண்டாம். தேய்ப்பது தெரிகிறது; எதுவரை தேய்ப்பது என்பது தெரியவில்லை. தடவுவது தெரிகிறது. நான்காவது காட்சிதான் சிக்கல். ஐந்து நிமிடக் காத்திருப்பை வெட்டி இரண்டு விநாடி ஆக்கியிருந்தேன். வெட்டிய படத்தால் நேரத்தைக் காட்டவே முடியாது. பார்ப்பவருக்கு, தடவிய கையோடு பேட்சை ஒட்டுவது போலத்தான் தோன்றும். எல்லாரும் செய்யும் தவறும் அதுதான்: சொல்யூஷனில் உள்ள கரைப்பான் ஆவியாகிப் போகும் முன் பேட்சை வைத்து மூடினால் ஈரம் உள்ளேயே சிக்கிக்கொள்ளும், பேட்ச் பிய்ந்து வரும்.

அதனால் திரையில் மிஞ்சியது மூன்றே வரிகள். முதல் காட்சியில் ‘ஒட்டிய பேட்ச் ஏன் பிய்கிறது?’. தேய்க்கும் விரலின் பக்கத்தில் ‘பளபளப்பு போகும் வரை’. நான்காவது காட்சியில் பசைக்குச் சற்று மேலே ‘5 நிமிடம் காயட்டும்’. இந்த மூன்றாவதைப் படிக்க இரண்டு விநாடி போதவில்லை என்று பட்டதால், அந்தக் காட்சியையே மூன்று விநாடியாக நீட்டி, ஈர மினுமினுப்பு அடங்கி மங்குவதைக் காட்டினேன். எழுத்தைச் சுருக்குவதற்கு முன் படத்தை நீட்ட முடியுமா என்று பார்ப்பது என் வழக்கம். நேரம் போதுமா என்று அறிய, எழுத்து திரையில் நிற்கும்போதே அதை நிதானமாக இரண்டு முறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பேன். எழுதியவருக்கு வரி முன்பே தெரியும் என்பதால் ஒருமுறை படிப்பது ஏமாற்றிவிடும். சப்டைட்டில் போடுபவர்களிடம் இதைவிடப் பழைய கணக்கு ஒன்று உண்டு: நிறைந்த இரண்டு வரிக்கு ஆறு விநாடி.

கேப்ஷனை இப்படி எழுதினேன்:

‘காரணம் பேட்ச் அல்ல, ஈரப் பசை. சொல்யூஷன் மங்கிய பிறகே பேட்சை வைக்கவும்; நான் பயன்படுத்தியதற்கு 5 நிமிடம் ஆனது, உங்களுடையதற்கு உறையில் உள்ள குறிப்பைப் பாருங்கள். டியூபை மாட்டும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் தடவி, குத்திய முள் அங்கேயே இருக்கிறதா என்று பாருங்கள். வால்வின் அடியில் கிழிந்திருந்தால் பேட்ச் நிற்காது, டியூபை மாற்றுவதே வழி.’

திரை கேள்வி கேட்கிறது, கேப்ஷனின் முதல் வரி பதில் சொல்கிறது. பதிலைச் சொல்லிவிட்டால் பார்க்காமல் போய்விடுவார்களோ என்று பயந்து, கேப்ஷனிலும் புதிர் போடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. காய்ந்த பசை எப்படி இருக்கும் என்பதை அந்த வரி சொல்லவில்லை, படம்தான் காட்டுகிறது. அதற்காகப் பார்ப்பார்கள்.

‘5 நிமிடம்’ மட்டும் இரண்டு இடத்திலும் வருகிறது. அதைத் தெரிந்தே விட்டேன். படத்தோடு சேர்த்துப் பதிந்த எழுத்து வெறும் புள்ளிகளின் கூட்டம். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் அதைச் சொல்லாகப் படித்துக் காட்டும் என்று நம்பியிருக்க முடியாது. கேப்ஷனை அது படிக்கும். குரலில் சொல்லப்படாத அளவோ எச்சரிக்கையோ திரையில் மட்டும் இருந்தால், அவர்களுக்கு அது இல்லவே இல்லை. திரும்பச் சொல்லக் கூடாது என்ற விதி இங்கே விலக வேண்டும்.

தமிழில் எழுதும்போது இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நம் வாக்கியத்தில் வினைச்சொல் கடைசியில் வருகிறது. ‘பேட்சை வைப்பதற்கு முன் தடவிய பசையை ஐந்து நிமிடம் நன்றாகக் காயவிடவும்’ என்று எழுதினால், செய்ய வேண்டியது என்ன என்பது கடைசிச் சொல்லில்தான் தெரியும். எழுத்து மறையும்போது முதலில் தவறிப்போவதும் அந்தச் சொல்தான். ‘5 நிமிடம் காயட்டும்’ என்பதில் எண் முன்னால் நிற்கிறது, வினை உடனே வந்துவிடுகிறது. எழுத்தைச் சிறிதாக்கிப் பதிவேற்றினால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோவதையும், மேல்விலங்கும் அதன் சுழியும் மேல் வரியோடு முட்டிக்கொள்வதையும் பார்த்திருப்பீர்கள். வரிகளுக்கிடையே தாராளமாக இடைவெளி விடுங்கள்.

இடம் பற்றியும் ஒரு சொல். 1080-க்கு 1920 என்ற நெடுந்திரையில் கீழ்ப்பகுதியில் செயலி தானே பெயரையும் கேப்ஷனையும் போடுகிறது, வலப்பக்கம் பொத்தான்கள். எவ்வளவு மறைக்கும் என்பது செயலிக்குச் செயலி மாறும். கீழே ஐந்தில் ஒரு பங்குக்கு மேலாகவே ஒதுக்கிவிட்டு அதற்கு மேல் எழுதுவது என் பழக்கம். இல்லாவிட்டால் இரண்டு எழுத்தும் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

சரியாக அமைந்ததா என்று பார்க்க, கேப்ஷனைக் கையால் மறைத்துக்கொண்டு காணொளியை ஓடவிடுவேன். பிறகு காணொளியைப் பார்க்காமல் கேப்ஷனை மட்டும் படிப்பேன். ஒன்றில் கிடைத்தது அப்படியே மற்றதிலும் கிடைத்தால், அளவும் எச்சரிக்கையும் தவிர மீதியை ஓரிடத்தில் வெட்டிவிடுவேன். வெளியிட்ட பிறகு கருத்துகளே நல்ல அளவுகோல். திரையில் எழுதியதையே திரும்பக் கேட்டால், எழுத்து விரைவில் மறைந்துவிட்டது அல்லது தவறான இடத்தில் இருந்தது என்று பொருள். திருத்திய காணொளிக்குக் கீழே ‘எவ்வளவு நேரம்’ என்று யாரும் கேட்கவில்லை. இரண்டு பேர் வால்வைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கேப்ஷனில் அது நான்காவது வாக்கியம், தட்டித் திறந்தால்தான் தெரியும். அடுத்த முறை அதை இரண்டாவதாக வைத்தேன்.