625 என்பது 500-ஐ விட 'பவர்' கூடின மாத்திரை இல்லை

கடலூர் முதுநகரிலிருந்து மறுபடியும் அதே மாதிரி ஒரு சிறுநீர் கல்ச்சர். 34 வயதுப் பெண். சிறுநீர் கழிக்கும்போது எரிச்சல் தொடங்கியதும், வீட்டுக்காரர் பல் பிடுங்கியபோது வாங்கி மிஞ்சியிருந்த அமாக்சிசிலின் 500-ஐ இரண்டு நாள் போட்டிருக்கிறார். எரிச்சல் நிற்கவில்லை. தெருமுனை மருந்துக்கடையில் "பவர் பத்தலக்கா, 625 போடுங்க" என்று ஆறு மாத்திரையைக் கிழித்துக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் தேவலை போல இருந்திருக்கிறது. நான்காம் நாள் குளிர் காய்ச்சல், விலாவுக்குப் பின்புறம் வலி. அதன் பிறகுதான் டாக்டரிடம் போய், அதன் பிறகுதான் சிறுநீர் எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு வந்திருக்கிறது.

இந்தப் 'பவர்' என்ற சொல்லை எப்படி ஒழிப்பது என்று தெரியவில்லை. 250-க்கு மேல் 500, 500-க்கு மேல் 625, அதற்கும் மேல் ஒரு கிராம் என்று படிக்கட்டு மாதிரி மனதில் பதிந்துவிட்டது. படித்தவர்களும் இப்படித்தான் கேட்கிறார்கள். அட்டையைத் திருப்பி, சின்ன எழுத்தில் இருப்பதைத் தயவுசெய்து ஒருமுறை வாசியுங்கள். 625 என்பது கூட்டுத்தொகை. அதில் அமாக்சிசிலின் 500 மில்லிகிராம்தான். மீதி 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலம் என்ற வேறொரு பொருள். அது தனியாகக் கிருமியைக் கொல்லும் மருந்தே இல்லை.

375 மாத்திரை என்றால் 250-ம் 125-ம். 'ஒரு கிராம்' என்றால் 875-ம் 125-ம். குழந்தைகளுக்கான சிரப்பில் 228.5 என்று போட்டிருப்பதும் 200-ம் 28.5-ம் சேர்ந்த கணக்கே. ஆகவே "375 ரெண்டு போட்டா 750 ஆச்சே, 625-ஐ விட நல்லதுதானே" என்பது தப்புக் கணக்கு. இரண்டு 375-இல் அமாக்சிசிலின் அதே 500. கிளாவுலானிக் அமிலம் மட்டும் 250 ஆகிவிடும். கூடுதலாகக் கிடைப்பது வயிற்றுப்போக்குதான்.

அந்த 125 எதற்கு என்பதைப் புரிந்துகொண்டால், அது எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் விளங்கும்.

பாக்டீரியாவைச் சுற்றி ஒரு சுவர் உண்டு. வளரும் கிருமி அதை ஓயாமல் பிரித்துப் பிரித்துக் கட்டிக்கொண்டே இருக்கும். கற்களைக் குறுக்கே இணைத்துப் பூட்டும் கொத்தனார் வேலையைச் செய்பவை, பென்சிலின் பிணைப்புப் புரதங்கள். பெயர் பென்சிலினை வைத்து வந்ததே தவிர, அவற்றின் சொந்த வேலை சுவர் கட்டுவது. பென்சிலின், அமாக்சிசிலின், செஃபிக்சிம், செஃப்ட்ரையாக்சோன், மெரோபெனம் எல்லாவற்றிலும் இருக்கும் நான்கு மூலை பீட்டா லாக்டம் வளையம், அந்தக் கொத்தனாருக்குச் சுவர்க்கல்லின் நுனி போலவே தோன்றும். கையில் எடுத்ததும் வளையம் உடைந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். கை ஒட்டிய கொத்தனாரால் வேலை செய்ய முடியாது. சுவர் பலவீனமாகி, உள்ளழுத்தம் தாங்காமல் கிருமி வெடிக்கும்.

பீட்டா லாக்டமேஸ் என்ற நொதியும் இந்தக் கொத்தனாரின் பங்காளிதான். பெரும்பாலான வகைகள் மருந்தை அதே மாதிரி, அதே செரீன் என்ற அமினோ அமிலத்தால் பிடிக்கின்றன. வித்தியாசம் அடுத்த கணத்தில். கொத்தனார் கையில் மருந்து மணிக்கணக்கில் ஒட்டியிருக்கும். இந்த நொதியின் கையிலோ ஒரு நீர் மூலக்கூறு வந்து அதைக் கழுவிவிடும். உடைந்த மருந்து வெளியே விழும், நொதி அடுத்ததைப் பிடிக்கும். ஈ.கோலையில் பரவலாகக் காணப்படும் டெம்-1 என்ற நொதி, ஒரு நொடியில் ஏறத்தாழ ஆயிரம் பென்சிலின் மூலக்கூறுகளை உடைத்துப் போடும். நொதி செலவாவதில்லை. இது நவீனகாலக் கிருமியின் தந்திரமும் இல்லை. பென்சிலின் மருந்துக்கடைக்கு வருவதற்கு முன்பே, 1940-இல் ஆபிரகாமும் செயினும் ஈ.கோலையில் இப்படி ஒரு நொதி இருப்பதை எழுதிவிட்டார்கள்.

இப்போது 'பவர்' கூட்டுவதை எண்ணிப் பாருங்கள். அமாக்சிசிலின் 500 போட்டால் ரத்தத்தில் உச்சத்தில் மில்லிலிட்டருக்கு 5.5 முதல் 7.5 மைக்ரோகிராம் இருக்கும். இரண்டாகப் போட்டால் சுமார் இரண்டு மடங்கு. டெம்-1 சுரக்கும் ஈ.கோலையை அடக்கத் தேவைப்படும் அளவோ பல நேரம் 128-ஐயும் தாண்டும். மாத்திரையை இரட்டிப்பாக்கி அந்த இடத்தை எட்டவே முடியாது.

கிளாவுலானிக் அமிலம் இங்கேதான் வருகிறது. அதிலும் அதே வளையம் உண்டு. நொதி அதை மருந்தென்று பிடிக்கும். ஆனால் கழுவிவிட முடியாமல் கடைசியில் கை ஒட்டிப்போகும். நொதி முடங்கியதும் அமாக்சிசிலின் தன் கொத்தனாரைத் தேடிப் போகும். ஆனால் டெம்-1 நொதி ஒன்று முடங்குவதற்கு முன் நூற்றுக்கும் மேற்பட்ட கிளாவுலானிக் மூலக்கூறுகளை உடைத்துத் தீர்த்துவிடும். கிருமி நொதியை அள்ளிச் சுரந்தால் 125 மில்லிகிராம் பத்தாது. சில வகை நொதிகள் இந்தத் தூண்டிலில் சிக்குவதே இல்லை.

நொதியே இல்லாத கிருமியிடம் தூண்டிலுக்கு என்ன வேலை? தொண்டைச் சதையில் சீழ் வைக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பயோஜெனிஸுக்கு பீட்டா லாக்டமேஸ் கிடையாது. அதற்கு சாதாரண அமாக்சிசிலினே போதும். 625 வாங்குவது காசுக்கும் குடலுக்கும் கேடு. எம்.ஆர்.எஸ்.ஏ. என்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ் வேறு வழியில் தப்பிக்கிறது: மருந்து ஒட்டாத புதுக் கொத்தனார் ஒருவரையே, பிபிபி-2ஏ என்ற புரதத்தை, வேலைக்கு வைத்துக்கொள்கிறது. அங்கேயும் கிளாவுலானிக் அமிலம் வீண். நியாயமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: நிமோகாக்கஸில் கொத்தனாரின் பிடி கொஞ்சம் தளர்ந்திருக்கும்போது அளவைக் கூட்டினால் பலன் உண்டு. குழந்தைகளின் காதுச் சீழுக்கு டாக்டர் அமாக்சிசிலினைக் கூடுதலாக எழுதுவது அதனால்தான். அது அந்தக் கிருமிக்கு மட்டுமான கணக்கு. மூத்திரக் கடுப்புக்கு அதைக் கொண்டு வராதீர்கள்.

முதுநகர் மாதிரிக்கு வருவோம். ஈ.கோலை, மில்லிலிட்டருக்கு 1 லட்சத்துக்கு மேல். கிருமியைத் தட்டில் பூசி மருந்து வில்லைகளை வைத்தோம். மருந்து வேலை செய்தால் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத தெளிவான வட்டம் தெரியும். அமாக்சிசிலின்-கிளாவுலானிக் வில்லையைச் சுற்றி 11 மில்லிமீட்டர். 13-உம் அதற்குக் கீழும் என்றால் எதிர்ப்பு. செஃபோடாக்சிம் தனியாக 14. அதே செஃபோடாக்சிமோடு கிளாவுலானிக் சேர்த்த வில்லைக்கு 23. வித்தியாசம் 5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால் அது ஈ.எஸ்.பி.எல்., அதாவது செஃபிக்சிம், செஃபோடாக்சிம் போன்ற செஃபலோஸ்போரின் இன மருந்துகள் வரை உடைக்கும் விரிந்த வகை பீட்டா லாக்டமேஸ். இங்கே வித்தியாசம் 9.

இதைப் பார்த்து, "கிளாவுலானிக் சேர்த்ததும் வட்டம் பெரிசாச்சே, அப்போ 625 ஏன் கேக்கல?" என்று இளம் டாக்டர்களே கேட்கிறார்கள். நல்ல கேள்வி. நம் நாட்டில் மிகப் பரவலான ஈ.எஸ்.பி.எல். நொதி சி.டி.எக்ஸ்-எம்-15. அது கிளாவுலானிக்கில் சிக்கும். ஆனால் அதைச் சுமக்கும் கிருமியிடம் பல நேரம் ஓ.எக்ஸ்.ஏ-1 என்ற இன்னொன்றும் கூடவே இருக்கும். அது கிளாவுலானிக்குக்குச் சரியாக அடங்காது; செஃபோடாக்சிமை அவ்வளவாகத் தொடாது, ஆனால் அமாக்சிசிலினை உடைத்துக்கொண்டே இருக்கும்.

அப்படியானால் அந்த ஒரு நாள் தேவலையானது எப்படி? அமாக்சிசிலின் பெரும்பகுதி சிறுநீரில்தான் வெளியேறுகிறது. சிறுநீர்ப்பையில் தேங்கும் அளவு ரத்தத்தில் இருப்பதைப் போலப் பல மடங்கு. எதிர்ப்புள்ள கிருமியும் அங்கே சற்றே தள்ளாடும், எரிச்சல் குறையும். சிறுநீரகச் சதைக்குள் அந்தச் செறிவு கிடையாது. கிருமி மேலே ஏறிவிட்டால் காய்ச்சல்தான்.

என்னைக் கோபப்படுத்துவது அடுத்த வரி. அதே தட்டில் நைட்ரோஃபுரான்டாயினுக்கு வட்டம் 20 மில்லிமீட்டர், நன்றாகவே கேட்கிறது. அது பீட்டா லாக்டம் இனமே இல்லை, இந்த நொதிகளால் அதைத் தொட முடியாது. வெறும் எரிச்சலாக இருந்த முதல் நாளே டாக்டரிடம் போய் கல்ச்சர் கொடுத்திருந்தால், ஐந்து நாள் மாத்திரையில் முடிந்திருக்கக்கூடிய விஷயம். காய்ச்சல் வந்த பிறகு அந்த மாத்திரை உதவாது. சிறுநீரகச் சதையில் அது போதிய அளவு சேராது. கடைசியில் எர்டாபெனம் ஊசி, தினம் 1 கிராம், நரம்பு வழியாக. ஊசி போட தினமும் ஆஸ்பத்திரிக்கு அலைச்சல்.

மருந்துக்கடை நண்பர்களே, உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். "625 கேக்கலன்னா செஃபிக்சிம் 200" என்று அடுத்த படிக்கு ஏற்றிவிடாதீர்கள். ஈ.எஸ்.பி.எல். கிருமி அதையும் உடைக்கும். செஃபிக்சிம் 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 அட்டவணையில் உள்ள மருந்து. டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு மூன்றையும் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அமாக்சிசிலினும் சீட்டில்லாமல் கொடுக்கக்கூடியது அல்ல.

டாக்டரே 625 எழுதியிருந்தால், அதைக் கெடுக்காமல் சாப்பிடுவது உங்கள் பொறுப்பு. கிளாவுலானிக் அமிலத்துக்கு ஈரம் ஆகாது. நம் கடலோரக் காற்றில், அதிலும் ஐப்பசி கார்த்திகையில், மாத்திரையை அட்டையிலிருந்து உரித்து டப்பாவில் போட்டு வைக்காதீர்கள். பெரியவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். சாப்பாட்டின் முதல் வாயோடு போடுங்கள்; கிளாவுலானிக் நன்றாக உறிஞ்சப்படும், குமட்டலும் குறையும்.

சிரப்பு என்றால் முதலில் பாட்டிலைத் தட்டிப் பொடியை உதிர்த்துவிட்டு, கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் விட்டுக் குலுக்குங்கள். நுரை அடங்கிய பிறகு கோடு வரை நிரப்பி மறுபடி குலுக்குங்கள். நுரையைப் பார்த்துக் கோடு வந்துவிட்டது என்று நிறுத்தினால் மருந்து திட்டமான அளவில் இருக்காது. கலக்கியதும் ஃபிரிட்ஜில் நடுத்தட்டில், 2 முதல் 8 டிகிரிக்குள் வையுங்கள். கதவில் வேண்டாம், ஃபிரீசரில் வேண்டவே வேண்டாம். 7 நாளுக்குப் பிறகு கொட்டிவிடுங்கள். வெளியில் வைத்த பாட்டிலில் முதலில் சிதைவது கிளாவுலானிக். மிஞ்சுவது பெரும்பாலும் வெறும் அமாக்சிசிலின். வெள்ளையாக இருந்தது பழுப்பேறினால் கொடுக்காதீர்கள்.

கல்ச்சருக்குச் சிறுநீர் கொடுப்பது முதல் மாத்திரை போடுவதற்கு முன்னால் இருக்க வேண்டும். ஏற்கெனவே போட்டிருந்தால் எதை, எத்தனை என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள், மறைக்காதீர்கள். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டுவிட்டு, நடுவில் வருவதை மட்டும் கடையில் விற்கும் சுத்தமான மூடி டப்பாவில் பிடியுங்கள்; ஜாம் பாட்டில் வேண்டாம். 2 மணி நேரத்துக்குள் வந்து சேர வேண்டும். நெல்லிக்குப்பத்திலிருந்தோ சிதம்பரம் பக்கமிருந்தோ பஸ்ஸில் வருகிறவர்கள், ஐஸ் கட்டி போட்ட பையில் டப்பாவை வைத்துக் கொண்டுவாருங்கள். வெயிலில் வந்த சிறுநீரில் நாலு கிருமி நாலாயிரமாகியிருக்கும். அதில் நோய்க்கிருமி எது, வழியில் வளர்ந்தது எது என்று எங்களாலும் பிரித்துச் சொல்ல முடியாது.