வணிக விசாவுக்கு முதலாளி தரும் கடிதம்: செலவு யார் தலையில்?

ஆத்தங்குடி டைல்ஸ் விற்கும் காரைக்குடி நிறுவனம் ஒன்று தன் விற்பனை அலுவலரை ஜெர்மனிக்கு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் வணிக விசாவுக்கு இரண்டு கடிதங்கள் முக்கியம். ஒன்று, அங்கிருந்து வரும் அழைப்புக் கடிதம். இன்னொன்று, இங்கே முதலாளி தரும் கடிதம். விசா அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார். எதையாவது மறைப்பதைவிட, இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துவராததே பெரும்பாலும் சிக்கலைக் கிளப்புகிறது.

முதலில் நோக்கம். ‘வணிகச் சந்திப்பு’ என்று இரண்டே சொல்லில் முடித்தால் போதாது. யாரைச் சந்திக்கிறார், எந்த முகவரியில், எதைப் பேச என்று எழுத வேண்டும். ‘பிராங்க்ஃபர்ட் இறக்குமதியாளரிடம் டைல்ஸ் மாதிரிகளைக் காட்டி, அளவும் விலையும் பேசி முடிக்க’ என்றால் தெளிவு. ஆனால் அவரே அங்கே போய் ஒரு வீட்டில் தரை பதிப்பதாக இருந்தால் அது வேலை. வணிகச் சந்திப்புக்கான விசாவில் அதைச் சேர்த்து எழுதக் கூடாது. வேலை அனுமதிக்கான வழி தனி.

அடுத்து காலம். மார்ச் 8 இரவு சென்னையில் ஏறி, 9ஆம் தேதி அங்கே இறங்கி, 14 இரவு கிளம்பினால், ஷெங்கன் பகுதியில் தங்குவது 6 நாள். நுழையும் நாளும் வெளியேறும் நாளும் கணக்கில் சேரும். இதே தேதிகள் விண்ணப்பத்திலும் டிக்கெட்டிலும் காப்பீட்டிலும் இருக்க வேண்டும். காப்பீட்டுத் தொகை குறைந்தது 30,000 யூரோ.

இனி செலவு. ஜெர்மன் நிறுவனம் ‘தங்கும் செலவு எங்களுடையது’ என்று எழுதியிருக்க, நம் முதலாளி பழக்கதோஷத்தில் ‘முழுச் செலவும் எங்களுடையது’ என்று எழுதிவிடுவார். நல்ல மனசுதான், ஆனால் கடிதத்தைப் படிப்பவருக்கு எதை நம்புவது என்று தெரியாது. அதனால் பிரித்தே எழுதலாம்:

‘விமான டிக்கெட், காப்பீடு, சாப்பாடு, உள்ளூர்ப் போக்குவரத்து ஆகியவற்றை எங்கள் நிறுவனம் ஏற்கிறது. தங்கும் செலவை அழைக்கும் நிறுவனம் ஏற்கிறது. பயணக் காலத்திலும் இவருக்கு நாங்களே சம்பளம் தருகிறோம். மார்ச் 17 அன்று பணிக்குத் திரும்புவார்.’

சரி, எழுதிவிட்டால் போதுமா? ஏற்கிறோம் என்றால் நிறுவனத்தின் வங்கிக் கணக்கு விவரத்தையும் இணைக்க வேண்டும். சம்பளத்தைக் கையில் ரொக்கமாகக் கொடுக்கும் கடைகளுக்கு இதில்தான் திண்டாட்டம். சம்பளச் சீட்டில் இருக்கும் தொகை அலுவலரின் வங்கிக் கணக்கில் விழுந்ததாகத் தெரிய வேண்டும். விசாவுக்கென்று கடைசி நேரத்தில் மொத்தமாகப் போட்ட பணம் பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பெயரையும் கவனியுங்கள். நம் ஊரில் மூன்று நான்கு தலைப்பெழுத்து சர்வசாதாரணம். பாஸ்போர்ட்டில் அவை விரிந்திருந்தால் கடிதத்திலும் அப்படியே எழுத வேண்டும். கடிதம் நிறுவன லெட்டர்ஹெட்டில், ஆங்கிலத்தில், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, தொலைபேசி எண்ணுடன் இருக்கட்டும். அந்த எண்ணுக்கு அழைப்பு வந்தால் எடுப்பவருக்கு இந்தப் பயணம் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.