ஏழு போதாது, பதின்மூன்று போதும்: ஒரு கடை அலமாரியை எக்செல்லில் ஓட்டிப் பார்ப்பது

பகல் 11 மணிக்கு ஒரு மெக்கானிக் ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு வருகிறார். வண்டியின் பின்சக்கரத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். பிரேக் ஷூ ஒரு செட் வேண்டும். அலமாரியில் இல்லை. "நாளைக்குச் சரக்கு வந்துவிடும், அண்ணே" என்கிறார் கடைக்காரர். அதற்குள் மெக்கானிக் அடுத்த கடைக்குப் போய்விடுகிறார். இந்த இழப்பு எந்தப் பில் புத்தகத்திலும் ஏறுவதில்லை.

இதற்குப் பயந்து 100 செட் வாங்கி அடுக்கினால் பணம் அலமாரியில் முடங்கிவிடும். ஆகவே ஒவ்வொரு கடைக்காரரும், எழுதி வைக்காவிட்டாலும், இரண்டு எண்களை மனத்தில் வைத்திருக்கிறார். கையிருப்பு எவ்வளவாகக் குறைந்தால் ஆர்டர் போடுவது என்பது ஒன்று. அதை ஆர்டர் மட்டம் என்று அழைப்போம். ஒரு முறைக்கு எத்தனை வாங்குவது என்பது மற்றொன்று. இந்த இரண்டு எண்களையும் உண்மையான கடையில் மாற்றிப் பார்த்துக் கற்றுக்கொள்ள வருடங்கள் ஆகும். விரிதாளில் ஒரு மாலைப்பொழுது போதும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கடையை வைத்துக்கொள்வோம். பில் புத்தகத்தில் 100 நாட்களைப் புரட்டி, எத்தனை செட் கேட்கப்பட்டது என்று எண்ணுகிறோம். 10 நாட்கள் யாரும் கேட்கவில்லை. 20 நாட்களில் ஒன்று, 30 நாட்களில் இரண்டு, 20 நாட்களில் மூன்று, 10 நாட்களில் நான்கு, 10 நாட்களில் ஐந்து. சராசரி நாளுக்கு 2.3 செட்; வருடத்துக்கு 300 வேலைநாள் என்றால் 690 செட். மாலையில் ஆர்டர் போட்டால், நடுவில் மூன்று வியாபார நாட்கள் கழிந்து நான்காம் நாள் காலை கடை திறக்குமுன் லாரி பார்சல் வருகிறது. ஒரு பெட்டியில் 24 செட்.

எக்செல்லில் ஒரு நாளுக்கு ஒரு வரிசை. K2 முதல் K7 வரை 0, 0.1, 0.3, 0.6, 0.8, 0.9 என்றும், L2 முதல் L7 வரை 0 முதல் 5 வரையும் எழுதுங்கள். `RAND()` பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே ஏதோ ஓர் எண்ணைத் தரும், அது 0.3க்கும் 0.6க்கும் இடையில் விழுந்தால் அன்றைய கேட்பு 2. அந்த இடைவெளியின் அகலம் 0.3 என்பதால் 100 நாட்களில் சுமார் 30 நாட்கள் அப்படி அமையும். பில் புத்தகத்தின் போக்கு அப்படியே தாளுக்கு வந்துவிடுகிறது. N2இல் ஆர்டர் மட்டம், N3இல் வாங்கும் அளவு, G9இல் தொடக்கக் கையிருப்பு. நாட்கள் 10ஆம் வரிசையில் தொடங்குகின்றன. A நெடுவரிசையில் நாள் எண்.

```
B10 (காலை வரவு)      =I6
C10 (கடை திறக்கும்போது) =G9+B10
D10 (கேட்பு)          =LOOKUP(RAND(),$K$2:$K$7,$L$2:$L$7)
E10 (விற்றது)         =MIN(C10,D10)
F10 (இழந்தது)         =D10-E10
G10 (மாலை இருப்பு)    =C10-E10
H10 (வழியில் இருப்பது) =SUM(I7:I9)
I10 (புது ஆர்டர்)      =IF(G10+H10<=$N$2,$N$3,0)
```

இந்த வரிசையை 300 நாட்களுக்குக் கீழே இழுத்துவிட்டால் ஒரு வருடம் ஓடிவிடும். I6 முதல் I9 வரை வெறுமையாக இருக்கட்டும்.

பலரும் தவறவிடுவது H நெடுவரிசையைத்தான். வழியில் வந்துகொண்டிருக்கும் சரக்கைக் கணக்கில் சேர்க்காமல் மாலை இருப்பை மட்டும் பார்த்தால், சரக்கு வந்துசேரும்வரை ஒவ்வொரு மாலையும் "குறைந்துவிட்டது" என்று புது ஆர்டர் போகும். அடுத்தடுத்த நாட்களில் நான்கு பெட்டிகள் வந்து இறங்கும். மாலை இருப்பின் உச்சம் 24ஐ ஒட்டி இருக்க வேண்டிய இடத்தில் 90ஐத் தாண்டினால் பிழை இங்கேதான். மற்றொரு சோதனையும் செய்துவிடுங்கள்: தொடக்க இருப்போடு மொத்த வரவைக் கூட்டி, மொத்த விற்பனையைக் கழித்தால் கடைசி மாலையின் இருப்பு அப்படியே வர வேண்டும்.

இப்போது ஆர்டர் மட்டம். ஆர்டர் போட்டு மூன்று நாள் தாங்க வேண்டும், நாளுக்கு 2.3, ஆக 6.9. எனவே 7 இருக்கும்போது ஆர்டர் போட்டால் போதும் என்றுதான் தோன்றும். தாளை நீண்ட காலம் ஓடவிட்டால், வருடத்துக்குச் சுமார் 44 செட் கேட்டும் கொடுக்க முடியாமல் போகிறது. வரும் ஆர்டர்களில் பாதிக்கு மேல், பெட்டி வந்துசேருமுன் அலமாரி காலியாகிக் கேட்டவர் வெறுங்கையோடு திரும்புகிறார். சராசரியை நம்பி வைத்த மட்டத்தில், சராசரிக்கு மேல் விற்கும் ஒவ்வொரு முறையும் தட்டுப்பாடுதான்.

மட்டத்தை 10ஆக உயர்த்துவோம். மூன்று நாள் கேட்பு 10ஐத் தாண்டாமல் இருக்க வாய்ப்பு 92 விழுக்காடு. இதைக் காகிதத்திலேயே கணக்கிடலாம். ஆனால் தாள் காட்டுவது 82தான். இந்த வித்தியாசத்தைக் கண்டதும் சூத்திரத்தில் பிழை என்று நினைத்துவிடாதீர்கள், தாள் சொல்வதுதான் சரி. மாலை இருப்பு 11 என்றால் ஆர்டர் போகாது. மறுநாள் 5 விற்றால் மாலையில் இருப்பது 6. ஆர்டர் போகும்போது கையில் இருப்பது 10 அல்ல, 6. சரக்கு ஒவ்வொன்றாகக் குறைந்து சரியாகக் கோட்டைத் தொடும் என்று காகிதக் கணக்கு எண்ணுகிறது. கடையில் அது கோட்டைத் தாண்டிக் குதிக்கிறது. இந்தக் கடையில் ஒவ்வொரு ஆர்டரும் சராசரியாகக் கோட்டுக்கு ஒரு செட் கீழேயிருந்துதான் புறப்படுகிறது. சூத்திரத்தை மனப்பாடம் செய்தவருக்குத் தெரியாத இந்த ஒரு செட், தாளை ஓட்டியவருக்குத் தானாகவே தெரிந்துவிடும். இப்படி ஓட்டிப் பார்ப்பதை நான் வலியுறுத்துவது இதனால்தான்.

அதே 10இல் இன்னொன்றையும் கவனியுங்கள். 100 ஆர்டர்களில் 18 முறை தட்டுப்பாடு என்றால் மோசமான கடை என்று தோன்றுகிறது. ஆனால் கேட்ட செட்களில் எத்தனை கொடுக்கப்பட்டன என்று, E நெடுவரிசையின் கூட்டுத்தொகையை D நெடுவரிசையின் கூட்டுத்தொகையால் வகுத்தால் 98.5 விழுக்காடு வருகிறது. தட்டுப்பாடு வரும்போதும் பெரும்பாலும் ஒன்றிரண்டு செட்தான் குறைகிறது. மற்ற நாட்களில் எல்லோருக்கும் கிடைக்கிறது. இரண்டுமே "சேவை மட்டம்" என்றே அழைக்கப்படுகின்றன. "95 விழுக்காடு சேவை வேண்டும்" என்று யாராவது சொன்னால், எதை எதால் வகுத்தது என்று முதலில் கேளுங்கள். திரும்பிப் போன மெக்கானிக்குகளைப் பற்றிய கவலை என்றால் இரண்டாவது கணக்குதான் பொருத்தம்.

இனி செலவு. ஒரு செட்டை வருடம் முழுதும் அலமாரியில் வைத்திருப்பதற்கு வட்டியும் இடமும் சேர்த்து 36 ரூபாய், ஒவ்வொரு ஆர்டருக்கும் பார்சல் கூலி 60 ரூபாய், இழந்த ஒரு விற்பனைக்கு 50 ரூபாய் லாபம் போனது என்று கொள்வோம். மட்டம் 7 என்றால் வருடச் செலவு சுமார் 4,200 ரூபாய். 10 என்றால் 2,700. 12 என்றால் 2,400. 13இலும் 14இலும் ஏறத்தாழ 2,370. 15இல் மெல்ல ஏறத் தொடங்குகிறது. இடப்பக்கம் செங்குத்தாகவும் வலப்பக்கம் சரிவாகவும் இருக்கும் பள்ளம் இது: குறைவாக வைத்துத் தவறினால் ஆயிரக்கணக்கில் போகும், ஒன்றிரண்டு கூடுதலாக வைத்துத் தவறினால் சில பத்து ரூபாய்.

இதில் 50 ரூபாய் என்பதுதான் ஊகம். திரும்பிப் போன மெக்கானிக் மறுபடி வராமலே போகலாம். அதனால் அதை 150 ஆக்கிப் பார்த்தேன். சிறந்த மட்டம் 14, 15 என்று ஒன்றுதான் நகர்ந்தது. தெரியாத ஓர் எண்ணை மூன்று மடங்காக்கினாலும் முடிவு இவ்வளவு குறைவாக அசைகிறது என்றால், அந்த எண்ணைத் துல்லியமாகக் கண்டுபிடிக்க அலைய வேண்டியதில்லை.

பெட்டிகளின் எண்ணிக்கைதான் அதைவிட அதிகம் அசைக்கிறது. ஒரு பெட்டிக்குப் பதில் இரண்டாக, 48 செட் வாங்கினால் வருடத்துக்கு 29 ஆர்டர் 14 ஆகிறது. தட்டுப்பாட்டு அபாயம் ஆர்டர் வழியில் இருக்கும் அந்த மூன்று நாட்களில்தான் இருக்கிறது. ஆர்டர் பாதியானால் அபாயமும் பாதியாகிறது. மட்டம் 13, அளவு 48 என்றால் மொத்தச் செலவு சுமார் 1,910 ரூபாய். 1913இல் அமெரிக்கப் பொறியாளர் ஃபோர்டு ஹாரிஸ் தந்த சிக்கன ஆர்டர் அளவுச் சூத்திரமும் இந்த எண்களுக்கு 48 என்றே சொல்கிறது.

மேலே சொன்னவை எல்லாம் நீண்ட காலச் சராசரிகள். ஒரே ஒரு வருடத்தை ஓட்டிவிட்டு முடிவெடுத்தால் ஏமாந்துபோவீர்கள். மட்டம் 10இல் வருட இழப்பின் சராசரி 10, 11 செட். ஆனால் F9 விசையை ஒருமுறை தட்டினால் 5 வரும், மறுமுறை தட்டினால் 16 வரும். நல்ல வருடத்தில் 10ஐயும் கெட்ட வருடத்தில் 12ஐயும் ஓட்டினால் 10தான் மேல் என்று முடிவு கட்டிவிடலாம். இதற்கு இரண்டு மருந்துகள். D நெடுவரிசையை நகலெடுத்து மதிப்புகளாக மட்டும் அதே இடத்தில் ஒட்டிவிட்டால் கேட்பு உறைந்துவிடும். எல்லா மட்டங்களும் ஒரே வாடிக்கையாளர்களைச் சந்திக்கும், வித்தியாசம் மட்டத்தால் மட்டுமே வரும். கூடவே 300 நாட்களை 30,000 ஆக்குங்கள். நூறு வருடங்களின் சராசரியில் சேவை விழுக்காட்டின் ஆட்டம் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும்.

லாரி எப்போதும் நேரத்துக்கு வருவதில்லை. பத்தில் ஒருமுறை மூன்று நாள் தாமதமாகிறது என்றால் J நெடுவரிசையில் வந்துசேரும் நாளை எழுதி, வரவையும் வழியில் இருப்பதையும் இப்படி மாற்ற வேண்டும்:

```
J10 =A10+IF(RAND()<0.9,4,7)
B10 =SUMIF(J$9:J9,A10,I$9:I9)
H10 =SUM(I$9:I9)-SUM(B$10:B10)
```

மட்டம் 12, அளவு 24 என்று வைத்து ஓட்டினால், வருடத்துக்கு 3 செட்டுக்குள் இருந்த இழப்பு 12 ஆகிறது. சராசரி தாமதம் கூடியது நாளில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் தாமதமான அந்த ஒரு முறை ஆறு நாள் தாங்க வேண்டும், ஆறு நாளின் சராசரிக் கேட்பே 13.8.

கடைசியாக, தாளுக்குள் போடும் 100 நாள் கணக்கு. பில் புத்தகம் காட்டுவது விற்பனையை, கேட்பை அல்ல. அலமாரி காலியாக இருந்த நாட்களில் விற்பனை பூஜ்யம். அதைக் கேட்பு பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டால், தட்டுப்பாடு அதிகமுள்ள கடைக்குத் தாள் இன்னும் குறைவான மட்டத்தைப் பரிந்துரைக்கும். மாலை இருப்பு பூஜ்யமாக முடிந்த நாட்களையும் காலியாகவே தொடங்கிய நாட்களையும் நீக்கிவிட்டு எண்ணுவதும் முழுத் தீர்வாகாது. அதிகம் கேட்கப்பட்ட நாட்கள்தானே காலியாகின்றன. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு வைத்து, "இல்லை" என்று சொன்ன ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு மாதம் கழித்து K நெடுவரிசையின் எண்களை அந்த நோட்டையும் சேர்த்து மாற்றி எழுதலாம்.