கண்டாந்தம் என்றால் 48 நிமிடம், ஒரு பாதம் முழுவதும் இல்லை

போன வாரம் ஒரு அப்பா வந்திருந்தார். மகளுக்கு 27 வயது, மூல நட்சத்திரம் முதல் பாதம். மூன்றாவது வரனும் கைவிட்டுப் போயிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் கைப்பேசியில் ஜாதகம் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதில் "சந்திரன் கண்டாந்தத்தில்" என்று சிவப்பு எழுத்தில் வந்ததாம். அவ்வளவுதான், பேச்சு முடிந்துவிட்டது. இந்த வருடத்தில் இதே காரணத்தோடு என்னிடம் வந்த ஐந்தாவது குடும்பம் இது.

கடகமும் சிம்மமும், விருச்சிகமும் தனுசும், மீனமும் மேஷமும் சந்திக்கும் இடங்கள்தான் கண்டாந்தம். நீர் ராசி முடிந்து நெருப்பு ராசி தொடங்கும் இந்த மூன்று இடங்களில் மட்டும் ராசியும் நட்சத்திரமும் ஒன்றாக முடிகின்றன. இது ஜாதகம் பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு தூரம் என்பதுதான் மறந்துபோய்விட்டது.

பராசர ஹோரை சொல்லும் அளவு இது: ஆயில்யம், கேட்டை, ரேவதி ஆகியவற்றின் கடைசி 2 நாழிகை, மகம், மூலம், அசுவினி ஆகியவற்றின் முதல் 2 நாழிகை. ஒரு நாழிகை 24 நிமிடம் என்பதால், பக்கத்துக்கு 48 நிமிடம். அந்த நேரத்தில் சந்திரன் அரைப் பாகைகூட நகர்வதில்லை. மென்பொருள்களோ பக்கத்துக்கு ஒரு முழுப் பாதத்தை, அதாவது 3 பாகை 20 கலையைக் கண்டாந்தம் என்று குறிக்கின்றன. அதைக் கடக்கச் சந்திரனுக்கு ஏறக்குறைய 6 மணி நேரம் ஆகும். 48 நிமிடத்துக்குச் சொன்ன விதியை 6 மணி நேரத்துக்கு நீட்டினால், சம்பந்தமே இல்லாத எத்தனை குழந்தைகள் மேல் அது விழும்!

அந்தப் பெண்ணின் கணக்கைப் பார்ப்போம். அன்று திருக்கணிதப்படி கேட்டை முடிந்தது அதிகாலை 4.10. பிறந்தது காலை 8.05. மூலம் தொடங்கி 3 மணி 55 நிமிடம், அதாவது 10 நாழிகைக்குச் சற்றுக் குறைவு. சந்திரன் தனுசில் 2 பாகை 10 கலை. கண்டாந்தம் 4.58-க்கே முடிந்துவிட்டது. கேட்டை, மூலச் சந்திக்கு மட்டும் "அபுக்த மூலம்" என்று சற்று அகலமான கணக்கு ஒன்று உண்டு. அதன்படியும் மூலத்தில் முதல் 8 நாழிகைதான். குடும்பத்தார் வாக்கியப் பஞ்சாங்கம் பார்ப்பவர்கள் என்பதால் அதையும் எடுத்துப் பார்த்தேன். அதில் கேட்டை 4.45-க்கு முடிகிறது. அப்போதும் 8 நாழிகை தாண்டித்தான் பிறப்பு. நூல் சொல்லும் எந்தக் கணக்கிலும் இந்தப் பெண் கண்டாந்தத்தில் இல்லை. மூல நட்சத்திரப் பெண் மாமனாருக்கு ஆகாது என்கிற பேச்சு வேறு. அதையும் இதையும் கலந்துதான் இவ்வளவு பயம்.

இப்போது இன்னொன்று கிளம்பியிருக்கிறது. எந்தக் கிரகம் அங்கே இருந்தாலும் "கடுமையான கண்டாந்தம், வாழ்க்கையையே புரட்டிப் போடும்" என்கிறார்கள். நூலில் இந்த விதி சந்திரனுக்கும் லக்னத்துக்கும் திதிக்கும்தான். 2017-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். திருக்கணிதப்படி சனி ஜனவரி 26-ல் தனுசுக்கு வந்து, ஜூனில் வக்கிரத்தில் விருச்சிகத்துக்குத் திரும்பி, அக்டோபர் 26-ல் மறுபடி தனுசுக்குப் போனார். ஏப்ரலை ஒட்டிய சில வாரங்களும் கடைசி மாதமும் போக, வருடம் முழுக்கக் கேட்டையின் கடைசிப் பாதம், மூலத்தின் முதல் பாதம் ஆகிய இரண்டுக்குள்ளேயேதான் இருந்தார். வாக்கியப்படி பெயர்ச்சியே டிசம்பர் 19-ல்தான். அந்த வருடம் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோருக்கும் இருக்கிற ஒன்றை ஒரு குழந்தையின் தனித் தோஷம் என்று எப்படிச் சொல்வது? இதற்காகப் பரிகாரப் பணம் வாங்கும் சக ஜோதிடர்களை இதை யோசித்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

பெற்றோருக்கு: "கண்டாந்தம்" என்று யார் சொன்னாலும் சந்திரன் எத்தனை பாகை, எத்தனை கலை என்று கேளுங்கள். பிறந்த நாளில் நட்சத்திரம் எத்தனை மணிக்கு மாறியது, எந்தப் பஞ்சாங்கப்படி என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். லக்ன கண்டாந்தம் பக்கத்துக்கு அரை நாழிகைதான், 12 நிமிடம். "சுமார் ஏழரை மணி" என்று குறித்த பிறந்த நேரத்தை வைத்து அதை முடிவு செய்யவே முடியாது. உண்மையிலேயே உள்ளே விழுந்த குழந்தை என்றால், ஜன்ம நட்சத்திரம் திரும்பி வரும் 27-ஆம் நாளில் ஒரு சாந்தி செய்வது வழக்கம். அது குழந்தைப் பருவத்தில் ஒரு முறை செய்வது. கல்யாணத்துக்குக் கல்யாணம் செய்யச் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். திரையில் ஒரு சொல்லைப் பார்த்ததும் வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கால் மணி நேரம் கொடுத்தால் கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம்.

அந்த அப்பாவிடம் 4.10, 4.45, 8.05 மூன்றையும் ஒரு தாளில் எழுதி, இரண்டு பஞ்சாங்கப் பக்கங்களின் நகலையும் இணைத்துக் கொடுத்திருக்கிறேன். அடுத்த வரன் வீட்டுக்கு ஜாதகத்தோடு அதையும் கொடுப்பதாகச் சொல்லிப் போயிருக்கிறார்.